கடிதத்தில் சுருக்கெழுத்து: எங்கே சுருக்கலாம், எங்கே விரிக்க வேண்டும்?



நம் கடைகளில் இப்போது தபால் கார்டும் இல்லை, தந்தியும் இல்லை. 2013 ஜூலையில் தந்திச் சேவையும் நிறுத்தப்பட்டுவிட்டது. அலுவலகமானாலும், வங்கியானாலும், கம்பெனியானாலும் இமெயில்தான். அந்த இமெயிலை நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அவர்கள் படித்த, வேலை பார்த்த இடங்களில் பழகிய PFA, FYI, w r t என்ற மூன்று சுருக்கங்கள் நம் கடைக் கடிதங்களிலும் வந்து உட்கார்ந்து விடுகின்றன. இவற்றை யாருக்கு எழுதலாம், யாருக்கு எழுதக் கூடாது என்பதை, என் உறவினர் ஒருவருக்கு நேர்ந்த அனுபவத்தைக் கொண்டு இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நடந்தது என்ன?

என் தங்கை வீட்டுக்காரர் வேறொரு மாவட்டத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். துவரம் பருப்பை அரைக் கிலோ பாக்கெட்டுகளாகப் போட்டு விற்பது அவர் வழக்கம். உணவு பாதுகாப்பு அலுவலர் வந்து மாதிரி எடுத்துச் சென்றார். பருப்பில் குறை இல்லை. லேபிளில் பாக்கெட் செய்த தேதி இல்லை, ஆகவே இது 'தவறான முத்திரையிடப்பட்ட உணவு' என்று பகுப்பாய்வாளர் அறிக்கை வந்தது. தேதி பாக்கெட்டின் மேல் மடிப்பில் அச்சாகி இருந்தது என்பது இவர் வாதம்.

இந்தக் குற்றத்திற்கு 2006ஆம் வருடத்து உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் மூன்று லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. அறிக்கையை ஏற்காதவர், அது தம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள், படிவம் 8இல் மாவட்ட நியமன அலுவலருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். இவர் கைக்கு அறிக்கை 4ஆம் தேதி வந்தது. 10ஆம் தேதி அவர் மகன் அலுவலகத்துக்கு இமெயில் அனுப்பினான். அதை அப்படியே கீழே தருகிறேன்:

```
Sir,
w r t the sample taken from our shop, PFA.
FYI and n/a pls.
Regards
```

அனுப்பியாயிற்று என்று இருவரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். 27ஆம் தேதி வேறு வேலையாக எங்கள் ஊருக்கு வந்த தங்கை வீட்டுக்காரர், "மச்சான், பதிலே காணோம்" என்றார். கடிதத்தைப் படித்துப் பார்த்தேன். 23 நாட்கள் போய்விட்டன, மீதி ஒரு வாரம்தான். மறுநாளே நேரில் போகச் சொன்னேன். போய் விசாரித்ததில், அந்த இமெயிலை அச்செடுத்து தகவல் கோப்பில் சேர்த்திருந்தார்கள். மேல்முறையீடு எதுவும் பதிவாகவில்லை. அன்றே படிவம் 8ஐக் கையொப்பமிட்டுக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புதல் சீட்டு வாங்கி வந்தார்.

மகனைக் கேட்டேன். "மாமா, கம்பெனியில எல்லாரும் இப்படித்தான் எழுதுவோம்" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் படித்தவர் அவன் கம்பெனிக்காரர் இல்லை. ஒவ்வொரு சுருக்கமும் எங்கே இடறியது என்று பார்ப்போம்.

1. PFA

பிள்ளைகளுக்கு இது 'இணைப்பைக் காண்க' என்பதன் சுருக்கம். நம் தொழிலில் இதே மூன்று எழுத்துக்கு ஐம்பது வருடமாக வேறு பொருள் உண்டு. 1954ஆம் வருடத்து உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தை நாமும் அலுவலர்களும் பி.எஃப்.ஏ. சட்டம் என்றுதான் சொல்லி வந்தோம். 'பி.எஃப்.ஏ. கேஸ்' என்றால் என் வயதுடைய எந்த மளிகைக்காரருக்கும் விளக்க வேண்டியதில்லை. புதிய சட்டம் 2011 ஆகஸ்ட் 5ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பழைய சட்டம் நீங்கியது. இருந்தாலும் அந்தக் காலத்தில் பணிக்கு வந்தவர்களின் வாயிலும், பழைய கோப்புகளின் மேலட்டையிலும் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. உணவு மாதிரி பற்றிய கடிதத்தில் PFA என்று எழுதினால், படிப்பவர் பழைய வழக்கு எதையோ தேடப் போவார்.

இன்னொரு குறையும் உண்டு. என்ன இணைத்திருக்கிறோம் என்பதை PFA சொல்வதில்லை. அவன் இணைத்தது அறிக்கையின் நகல் மட்டுமே. படிவம் 8ஐ இணைக்க மறந்துவிட்டான். 'இணைப்பு: 1. படிவம் 8, இரண்டு பக்கம். 2. பகுப்பாய்வு அறிக்கை நகல், ஒரு பக்கம். 3. பாக்கெட்டின் மேல் மடிப்புப் படம், இரண்டு' என்று வரிசைப்படுத்தி எழுதியிருந்தால், எழுதும்போதே தன் பிழை தெரிந்திருக்கும். சரக்கு அனுப்பும்போது மூட்டை எண்ணிக்கையை லாரி ரசீதில் எழுதுகிறோமே, அதே கணக்குதான். 'சரக்கு அனுப்பியுள்ளோம்' என்று மட்டும் எழுதினால் ஒரு மூட்டை குறைந்தாலும் கேட்க வழியில்லை.

2. FYI

'தங்கள் தகவலுக்காக' என்பது இதன் பொருள். மூன்றிலும் அதிகச் சேதம் செய்தது இதுவே. அரசு அலுவலகங்களில் 'தகவலுக்காக' என்பதற்கும் 'தக்க நடவடிக்கைக்காக' என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஓர் உத்தரவின் நகல் யார் யாருக்குப் போகிறது என்று கீழே குறிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்தே எழுதுவார்கள். தகவலுக்காக வந்த தாளைப் படித்துக் கோப்பில் சேர்த்தால் போதும். நடவடிக்கைக்காக வந்த தாளுக்குப் பதில் போயாக வேண்டும்.

அவன் FYI என்று எழுதிவிட்டு, n/a என்றும் சேர்த்திருந்தான். அது 'தக்க நடவடிக்கை' என்பதற்கு அவன் போட்ட சுருக்கம். பொதுவாக அந்த எழுத்துகளுக்கு 'பொருந்தாது' என்று பொருள். ஆக, 'இது தகவலுக்கு மட்டும், வேறெதுவும் பொருந்தாது' என்று அவன் கடிதமே சொல்லிவிட்டது. கோப்பில் போட்டவரைக் குறை சொல்ல முடியுமா?

ஆகவே நமக்கு ஏதாவது வேண்டும் என்றால் FYI என்பதை விரித்து எழுதுவதுகூடப் போதாது. அதை எடுத்துவிட்டு, வேண்டியதைச் சொல்ல வேண்டும். 'மேல்முறையீட்டைப் பதிவு செய்து, விசாரணைத் தேதியைத் தெரிவிக்க வேண்டுகிறேன்' என்பது அந்த இடத்திற்குரிய வாக்கியம்.

3. w r t

'இது தொடர்பாக' என்பது பொருள். இதை விரித்து எழுதினால் மட்டும் பயனில்லை. எதைத் தொடர்பாக என்பதுதான் முக்கியம். 'எங்கள் கடையில் எடுத்த மாதிரி' என்றால், மாவட்டம் முழுவதும் மாதிரி எடுக்கும் அலுவலகத்தில் எந்த மாதிரி என்று யார் தேடுவார்கள்? தமிழில் மனு எழுதும்போது நாம் 'பொருள்', 'பார்வை' என்று இரண்டு தலைப்பு போடுகிறோம். அந்தப் 'பார்வை'யின் வேலையைத்தான் w r t செய்ய முயன்று தோற்கிறது. அங்கே அலுவலகக் கடித எண், தேதி, மாதிரியின் குறியீட்டு எண், நமது 14 இலக்க உரிம எண் ஆகியவை வர வேண்டும். இவை இருந்தால் 'தொடர்பாக' என்ற சொல் இல்லாவிட்டாலும் கடிதம் சரியான கோப்புக்குப் போய்ச் சேரும்.

அப்படியானால் சுருக்கமே கூடாதா?

அப்படியல்ல. சுருக்கம் நம் தொழிலுக்குப் புதிதும் அல்ல. பழைய பேரேடுகளில் வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று ஒற்றைக் குறியில் எழுதினார்கள். அது கடைக்குள் இருக்கும் கணக்கு. கணக்குப்பிள்ளைக்கும் முதலாளிக்கும் தெரிந்தால் போதும். ஆனால் அதே முதலாளி கடன் பத்திரம் எழுதும்போது தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். இன்றும் காசோலையில் எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தால் எழுதிய தொகையே செல்லும் என்று 1881ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. உள்ளுக்குள் சுருக்கு, வெளியே போவதை விரி என்பது நம் முன்னோர் கைக்கொண்ட முறையே.

எந்தக் கடிதத்தில் விரிப்பது என்று முடிவு செய்ய மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்ளலாம்.

முதலாவது, இவர் இதே சுருக்கத்தை எனக்கு எழுதியிருக்கிறாரா? தினமும் விலை கேட்டு எழுதும் சென்னைத் தரகர் உங்களுக்கு PFA என்று போட்டால், நீங்களும் அவருக்குப் போடலாம். ஆம்பூரில் தோல் கம்பெனி கேன்டீனுக்குச் சரக்குப் போடுபவர், அங்கே கொள்முதல் பார்ப்பவருக்கு அப்படி எழுதினால் தவறில்லை. அதே கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு முதல் முறையாகப் பாக்கித் தொகை கேட்டு எழுதினால் விரித்துத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது, இந்தக் கடிதம் மூன்றாவது கைக்குப் போகுமா? அலுவலகம், வங்கி, இன்சூரன்ஸ், வக்கீல் என்றால் கட்டாயம் போகும். இரண்டு வருடம் கழித்து வேறொருவர் அதைக் கோப்பில் படிப்பார். அவருக்கும் புரிய வேண்டும்.

மூன்றாவது, சுருக்கம் நிற்கும் இடத்தில் தேதியோ, பணமோ, செய்ய வேண்டிய காரியமோ இருக்கிறதா? இருந்தால் தெரிந்தவருக்கு எழுதினாலும் விரித்துவிடுவது நல்லது.

ஜி.எஸ்.டி., எச்.எஸ்.என். போன்றவற்றை விரிக்க வேண்டியதில்லை. அவை அரசாங்கமே வழங்கும் பெயர்கள். விரித்தால்தான் படிப்பவர் தடுமாறுவார்.

மாதிரிக் கடிதம்

மாநில அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். 1956ஆம் வருடத்து ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழே நம் மாநில ஆட்சிமொழி. தமிழில் எழுதினால் இந்தச் சுருக்கங்கள் வர வழியே இல்லை. பேரணாம்பட்டு வணிகர்கள் வேலூர் மாவட்ட நியமன அலுவலருக்கும், ஆம்பூர் வணிகர்கள் திருப்பத்தூர் மாவட்ட நியமன அலுவலருக்கும் எழுத வேண்டும். 2019இல் மாவட்டம் பிரிந்ததை மறந்து பழைய முகவரிக்கு அனுப்பிவிடக் கூடாது.

பொருள்: துவரம் பருப்பு மாதிரி - பகுப்பாய்வு அறிக்கை மீது மேல்முறையீடு.
பார்வை: தங்கள் கடித எண் ..., நாள் ... (கிடைத்த நாள் ...). மாதிரிக் குறியீட்டு எண் ... உரிம எண் ...
ஐயா, பார்வையில் கண்ட அறிக்கையை நான் ஏற்கவில்லை. பாக்கெட் செய்த தேதி மேல் மடிப்பில் உள்ளது. படிவம் 8இல் மேல்முறையீடு இணைத்துள்ளேன். பதிவு செய்து விசாரணைத் தேதியைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.
இணைப்பு: 1. ... 2. ... 3. ...

வங்கிக்கோ, வெளிமாநிலத்துக்கோ ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் கீழ்க்கண்டபடி மாற்றிக் கொள்ளலாம்:

```
PFA   : I have attached Form VIII (2 pages).
FYI   : Please register this and inform me of the date.
w r t : Regarding your letter No. ..., dated ...
```

ஒரு எச்சரிக்கை. கடிதம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது முகப்புக் கடிதம்தான். மேல்முறையீடு என்பது கையொப்பமிட்ட படிவமே. கெடு உள்ள காரியங்களில் இமெயிலோடு நிற்காமல் படிவத்தை நேரிலோ விரைவுத் தபாலிலோ சேர்த்து, ஒப்புதல் சீட்டைப் பத்திரப்படுத்திக் கொள்ள வேண்டும். என் தங்கை வீட்டுக்காரர் அந்தச் சீட்டை இப்போது கல்லாப் பெட்டியில் வைத்திருக்கிறார். அவர் மகன் அனுப்பும் இமெயிலை, அனுப்புவதற்கு முன்பு அவரே ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்.