தவணை கடந்து வந்த விதைக்கிழங்கு

யாழ்ப்பாணத்தில் உருளைக்கிழங்கு நடுகை டிசெம்பரோடு முடிந்துவிடும். பிந்தி நட்டால் கிழங்கு பருக்கும் நாட்கள் பங்குனி வெயிலில் அகப்படும், இலைதான் மிஞ்சும்.

டிசெம்பர் 10 இன் பின் ஏற்கமாட்டோம் என்று ஒப்பந்தம் எழுதிய சங்கத்துக்கு ஜனவரி 8 இல் விதை வருகிறது என வைப்போம். மூட்டையை அவிழ்த்துப் பங்கிட வேண்டாம், பங்கிட்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். லொறிச் சிட்டையில் "தவணை கடந்தது, ஏற்கவில்லை" என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். அன்றே கடிதமும் அனுப்புங்கள்.

வெறும் மறுப்போடு நின்றால் முற்பணம் இழுபடும். நுவரெலியாவில் பெப்ரவரி, மார்ச்சிலும் நடுகை உண்டு. ஆகவே இப்படிக் கேட்கலாம்: "பத்து நாள் நிழலில் காற்றோட்டமாக வைத்துத் தருகிறோம். உங்கள் செலவில் மலைநாட்டுக்கு ஏற்றுங்கள். ஏற்றும்போது முற்பணத்தைத் தாருங்கள், நட்டஈடு கேட்கமாட்டோம்."