ரிங் ஃபிரேம்: பழுதுபார்ப்பா, புதுச் சொத்தா?

நம்பிக்கை: பணம் போனது போனதுதான். எந்தத் தலைப்பில் எழுதினாலும் லாபம் மாறாது.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு நூற்பாலை பழைய ரிங் ஃபிரேமைக் கழற்றிப் போட்டுவிட்டு 60 லட்சத்துக்குப் புதிதாக ஒன்றை வாங்குகிறது. இந்தச் செலவைக் கழிக்கும் முன் ஆண்டு லாபம் 1 கோடி ரூபாய்.

மொத்தத்தையும் 'பழுதுபார்ப்பு' என்று எழுதினால் லாபம் 40 லட்சம். சொத்து என்று எழுதினால் கதை வேறு. கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுள் சொல்கிறது. கடைசியில் காயலான் கடைக்குப் போகும்போது 5 சதவீதம், அதாவது 3 லட்சம் தேறும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 57 லட்சத்தை 15 ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 3.80 லட்சம் தேய்மானம். அந்த ஆண்டு லாபம் 96.20 லட்சம்!

வங்கிக் கணக்கிலிருந்து போனது இரண்டிலும் அதே 60 லட்சம்தான். அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழாகும்: செலவாக எழுதியவருக்கு 1 கோடி, சொத்தாக எழுதியவருக்கு 96.20 லட்சம். 15 ஆண்டும் முடிந்து இயந்திரத்தை அதே 3 லட்சத்துக்கு விற்றபின் கூட்டிப் பார்த்தால் இருவர் லாபமும் ஒன்றே. ஆனால் கடன் கேட்கப் போகிறவர் 15 ஆண்டு காத்திருப்பதில்லை. இந்த ஆண்டுக் கணக்கைத்தான் வங்கி மேனேஜர் முன் வைக்கிறார்.

நம்பிக்கை: மில் முழுவதும் ஒரே இயந்திரம். அதில் ஒன்றை மாற்றினால் அது பழுதுபார்ப்புதான்.

வருமான வரியில் இந்த வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பஞ்சு புளோ ரூமில் நுழைந்து, கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ் கடந்து ரிங் ஃபிரேமில் நூலாகிறது. ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். எனவே ரிங் ஃபிரேம் என்பது மில் என்னும் பெரிய இயந்திரத்தின் ஓர் உறுப்பு என்பது மில்காரர்களின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஒவ்வோர் இயந்திரமும் தனக்கென ஒரு வேலையைச் செய்யும் தனிச் சொத்து. நடப்புப் பழுதுபார்ப்பு என்றால் கையிலிருக்கும் சொத்தைக் காப்பாற்றச் செய்யும் செலவு. பழையதை அகற்றிவிட்டுப் புது ரிங் ஃபிரேம் கொண்டுவருவது அதில் சேராது என்றது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது 'எவ்வளவு ரூபாய்?' என்பதல்ல, 'எது சொத்து?' என்பது. ரிங் ஃபிரேம்தான் சொத்து என்றால், அதில் தேய்ந்துபோகும் டிராவலர்களை மாற்றுவதும் அறுந்த டேப்பை மாற்றுவதும் அதை ஓட வைக்கும் செலவு. ஆண்டு முழுவதற்கும் கூட்டினால் பெரிய தொகை வரலாம். தொகை பெரிதென்பதால் அது சொத்தாகிவிடாது. இயந்திரத்தின் முக்கியமான ஒரு பகுதியை மொத்தமாக மாற்றி அதனால் பல ஆண்டு பயன் கிடைக்கும் என்றால்தான் வழக்கு சிக்கலாகிறது. கணக்கியல் தரம் அதைத் தனிப் பாகமாகப் பிரித்து, சொத்தில் சேர்க்கச் சொல்லலாம். பழைய பாகத்தின் மீதி மதிப்பை அப்போது நீக்கியாக வேண்டும். வரி அதிகாரியோ வேறு அளவுகோல் வைத்திருப்பார். முதலாளிக்கும் வங்கியிடம் சொத்து, வரி அலுவலகத்தில் செலவு என்று காட்டத்தான் ஆசை. அதில் எப்போதும் கள்ளத்தனம் இருப்பதாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் ஏட்டில் எழுதிய தலைப்பு வரியைத் தீர்மானிப்பதில்லை.

நம்பிக்கை: இது சில்லறைத் தகராறு, இதனால் பெரிய கம்பெனி கவிழாது.

அமெரிக்காவின் வேர்ல்ட்காம் கவிழ்ந்தது. தன் வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கொண்டுசெல்ல மற்ற தொலைபேசி நிறுவனங்களின் கம்பிகளுக்கு அது கட்டணம் கட்டிவந்தது. பயன்படுத்திய மாதத்தோடு பலன் தீர்ந்துவிடும், வாடகை மாதிரி. 2001லும் 2002இன் முதல் காலாண்டிலும் 380 கோடி டாலருக்கு மேற்பட்ட அந்தக் கட்டணத்தைச் சொத்துக் கணக்குக்கு மாற்றி, நட்டத்தை லாபமாகக் காட்டினார்கள். சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு அதைத் தோண்டியெடுத்தது. 2002 ஜூலையில் நிறுவனம் திவால் மனு போட்டது.

நம்பிக்கை: லாபத்தைத் திரிக்கலாம், ரொக்க ஓட்ட அறிக்கையைத் திரிக்க முடியாது.

அதுவும் அரை உண்மைதான். செலவைச் சொத்தாக்கினால் அந்தப் பணம் 'தொழில் நடவடிக்கை' பகுதியிலிருந்து 'முதலீட்டு நடவடிக்கை' பகுதிக்குத் தாவிவிடும். தொழிலில் பணம் கொட்டுவது போலத் தெரியும். மொத்த ரொக்கம் மட்டும் அசையாது. எனவே இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பாருங்கள். லாபம் ஏறி, இரண்டின் கூட்டுத்தொகை இறங்கினால், சொத்துப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மில்லுக்குள் போய், புதிதாகச் சேர்த்ததாக எழுதியிருக்கும் இயந்திரம் எங்கே நிற்கிறது என்று கேட்கலாம்.