பாதி கேட்டாலும் பிழைக்க வேண்டும்

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலையகத் தமிழர் நிறைந்த மாவட்டங்களில்தான் அடி பலம். எச்சரிக்கைகள் தமிழில் நேரத்துக்கு வரவில்லை என்ற குறையும் அப்போது உரக்க எழுந்தது.

அதன் பிறகு அங்குள்ள தன்னார்வலர் சிலர், மழைக்காலத்துக்கு முன்பே தமிழிலும் சிங்களத்திலும் எச்சரிக்கை வாசகங்களை எழுதிவைக்கத் தொடங்கினார்கள். எச்சரிக்கை விடுக்கும் அதிகாரம் அரசுத் துறைகளுக்குத்தான் உண்டு. ஆனால் வாசகம் ஆயத்தமாக இருந்தால், மழை கொட்டும் இரவில் ஊர்ப்பெயரையும் நேரத்தையும் நிரப்பினால் போதும். தமிழ்ப் பகுதிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் நாகர்கோவில்காரன். 2017-இல் ஒக்கி அடித்துப் போன பிறகு, எங்கள் கடற்கரை ஊர்க் கோயில் ஒலிபெருக்கிகளில் வாசிக்க அறிவிப்பு எழுதித் தந்த பழக்கம் உண்டு. சிங்களப் பகுதியை எழுதியவர் கண்டியைச் சேர்ந்த ஓர் ஆசிரியை. அந்த வேலையில் கற்றவற்றில், வேறு ஊர்களிலும் உதவக்கூடிய சிலவற்றை எழுதுகிறேன்.

எழுபது இடம்தான் இருக்கிறது

ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் 70 இடம்தான். அதிலும் நாம் ஓரெழுத்து என்று நினைக்கும் ‘கு’ இரண்டு இடம் பிடிக்கும். ‘ம்’ கூட இரண்டு இடம். சிங்களக் கூட்டெழுத்துகள் இன்னும் மோசம், ‘ஸ்ரீ’ ஒன்றே அங்கே ஐந்து இடத்தை எடுத்துக்கொள்ளும். எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து போகும். சிக்னல் தடுமாறும் நேரத்தில் ஒரு துண்டு வந்து மற்றது வராமல் போகலாம்.

ஆகவே இரண்டு மொழியையும் ஒரே செய்தியில் அடைக்கக் கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்தோம். மேலே சிங்களம், கீழே தமிழ் என்று எழுதினால் தொலைந்துபோகும் துண்டு பெரும்பாலும் தமிழாகத்தான் இருக்கும். ஒவ்வொரு மொழிக்கும் தனிச் செய்தி, அதுவும் எழுபதுக்குள். முதல் செய்தி மட்டும் வந்து சேர்ந்தாலும் ஆள் தப்பிக்க வேண்டும். முகாமில் சாப்பாடு, மருந்து, 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண், இவையெல்லாம் இரண்டாவது செய்திக்குப் போகட்டும்.

மகாவலி ஆற்றங்கரையில் இருக்கும் கம்பளைக்கு நான் எழுதிய முதல் வரைவு இது:

“வெள்ளம். கம்பளை ஆற்றோரத்தார் உடனே வெளியேறுங்கள். மேட்டுக்குச் செல்லுங்கள்.”

எண்ணிப் பார்த்தால் 74 இடம். ‘செல்லுங்கள்’ என்பதைப் ‘போங்கள்’ என்று மாற்றினால் சரியாக 70. வீட்டில் பேசும் சொல்லே இடத்தையும் மிச்சம் பிடித்தது. எண்ணுவதற்குக் கண்ணை நம்பாதீர்கள். சில பழைய கோப்புகளில் ‘போ’ என்பதன் கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிந்திருக்கும். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் ஓரிடம் கூடிவிடும். வாசகத்தைப் பழைய கோப்பிலிருந்து ஒட்டாமல் புதிதாகத் தட்டி, அனுப்பும் கருவியிலேயே எண்ண வேண்டும்.

எந்த மேடு?

எழுதியதை யாரிடம் வாசித்துக் காட்டுவது? எங்கள் மாவட்டத்தில் அதற்கு ஆள் இருந்தார்கள். 1964-ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிவந்தவர்களில் ஒரு பகுதியினர் இங்கே அரசு ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். கீரிப்பாறைப் பக்கம் அப்படி வந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். மலையகப் பேச்சும் மறக்கவில்லை, சிங்களமும் கொஞ்சம் வரும்.

அவர் அடுப்படியில் வேலையாக இருக்கும்போதே வாசித்தேன். “புரிந்ததா?” என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். “இப்ப என்ன செய்வீங்க, பாட்டி?” என்று கேட்டேன்.

“மேட்டுக்குப் போங்கன்னா எந்த மேட்டுக்குத் தம்பி? எங்க லயத்துக்குப் பின்னாடி இருந்த மேடுதான் மழைக்குச் சரியும்” என்றார்.

அந்த ஒரு கேள்வியில் என் வரைவு விழுந்தது. களனி ஆறு கடலைத் தொடும் கொழும்புச் சமவெளியில் மேட்டுக்குப் போகச் சொல்வது சரியான அறிவுரை. மலை நாட்டில் அதே சொல், வெள்ளத்திலிருந்து தப்பியவரை மண்சரிவின் வாயில் கொண்டு நிறுத்தும். டிட்வாவின்போது ஆறும் மலையும் ஒரே இரவில் சேர்ந்துதான் வந்தன. வெள்ளத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களம், மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்று எச்சரிப்பவர்கள் வேறு வேறு. வீட்டில் இருப்பவருக்கோ இரண்டும் ஒரே தொலைபேசியில் வந்து விழும். ஒன்று மேலே போ என்றும் மற்றது சரிவை விட்டு இறங்கு என்றும் சொன்னால், மனிதர் அசையாமல் உட்கார்ந்துவிடுவார்.

ஆகவே மலையக வாசகங்கள் எல்லாவற்றிலும் ‘மேடு’ என்பதை எடுத்துவிட்டுப் பெயருள்ள ஓர் இடத்தைப் போட்டோம்:

“வெள்ளம். கம்பளை ஆற்றோரத்தார் உடனே ______ பாடசாலைக்குப் போங்கள்.”

‘வெளியேறுங்கள்’ போய்விட்டது. பாடசாலைக்குப் போகிறவர் வீட்டை விட்டுத்தானே போவார்? கோடிட்ட இடத்தில் பெயருக்கு 13 இடம் கிடைக்கிறது. அந்தப் பாடசாலை சரிவுக்குக் கீழே இல்லை என்று உள்ளூர்க் கிராம அலுவலர் முன்கூட்டியே உறுதி சொல்ல வேண்டும். அந்த உறுதி கிடைக்காத ஊருக்கு வாசகமே ஆயத்தமாகவில்லை என்று பொருள்.

கடைசிச் சொல் காற்றில் போனால்

குறுஞ்செய்தி வராத இடத்தில் கோயில், விகாரை, பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள்தான் கதி. ஒலிபெருக்கியில் காற்று முதலில் விழுங்குவது வாக்கியத்தின் முடிவை. தமிழிலும் சிங்களத்திலும் வினை கடைசியில் வருகிறது; ‘செய்யாதே’ என்பதும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆசிரியை இதைச் சிங்களத்தில் சொல்லிக் காட்டியபோதுதான் ஆபத்து முழுசாக விளங்கியது. ‘பாலமென் யன்ன எபா’ என்றால் பாலம் வழியாகப் போகாதீர்கள். ‘எபா’ கேட்காமல் போனால் மிஞ்சுவது ‘பாலமென் யன்ன’. பாலம் வழியாகப் போங்கள்! தமிழில் ‘கடக்காதீர்கள்’ என்பதில் மறுப்பு வினைக்குள்ளேயே இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கிறது, ஆனால் மழை இரைச்சலில் ‘கடக்’ மட்டும் காதில் விழுந்தால் நமக்கும் அதே கதைதான்.

அதனால் முதல் செய்தியிலும் ஒலிபெருக்கி வாசகத்திலும் ‘செய்யாதே’ வாக்கியத்துக்கு இடமில்லை என்று வைத்துக்கொண்டோம். ‘பாலத்தைக் கடக்காதீர்கள்’ என்பது ‘பாலம் மூடியாச்சு’ என்று ஆனது. சிங்களத்தில் ‘பாலம வஹலா’. இரண்டிலும் முதல் சொல்லே பாலம். அடுத்த சொல் தேய்ந்து போனாலும் பாலத்தில் ஏதோ கோளாறு என்றாவது தெரியும். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை வாசித்த பிறகே அடுத்த வாக்கியத்துக்குப் போக வேண்டும். முழு அறிவிப்பையும் ஒருமுறை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், நடுவில் வந்து நின்றவருக்கு ஒன்றும் உருப்படியாகக் கிடைக்காது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் விரலால் மறைத்துவிட்டு வாசியுங்கள். எஞ்சியது எதிர்ப்பொருள் தந்தால் அந்த வாக்கியத்தைத் தூக்கிப் போடுங்கள்.

சிங்கள வாசகத்தைத் தமிழிலிருந்து பெயர்க்கவும் இல்லை. யாருக்கு, எப்போது, எங்கே போக வேண்டும் என்ற மூன்றை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அவர் சிங்களத்திலும் நான் தமிழிலும் தனித்தனியாக எழுதினோம். பிறகு இரண்டையும் அந்தத் தாளோடு ஒப்பிட்டோம். ஊர்ப்பெயரில்தான் அதிகம் சிக்கினோம். நமக்குக் கம்பளை, அவர்களுக்குக் கம்பொல. நமக்கு மட்டக்களப்பு, அவர்களுக்கு மடகலபுவ. ஒருவர் வாயால் கேட்டு மற்றவர் எழுதினால் தவறான ஊருக்கு எச்சரிக்கை போகும். ஊர்களை இரு வடிவத்திலும் பட்டியலிட்டு, நிரப்புகிறவர் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டும்படி வைத்தோம்.

அடிக்கணக்கு யாருக்கு?

கொழும்பில் நாகலகம் தெரு அளவுகோலில் களனி ஆறு 5 அடியைத் தொட்டால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம் என்பார்கள். எங்கள் பேச்சிப்பாறை அணை 48 அடி. 42 அடி வந்தால் முதற்கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை. பொறியாளருக்கு இந்த எண்கள் உயிர்நாடி. குழித்துறை ஆற்றங்கரையில் வீடு வைத்திருப்பவருக்கு 42 என்ன, 44 என்ன? அவருக்கு வேண்டியது, தண்ணீர் தன் வாசலுக்கு எப்போது வரும் என்பது.

ஆகவே அடியையும் மில்லிமீட்டரையும் இரண்டாவது செய்திக்குத் தள்ளுங்கள். முதல் செய்தியில் நேரத்தைப் போடுங்கள். ‘உடனே’ என்று சொல்ல முடியாத இடத்தில் ‘மாலை 6 மணிக்கு முன்’ என்று எழுதுங்கள். ‘இன்று இரவு’ வேண்டாம். நள்ளிரவு கடந்து படிப்பவருக்கு அது எந்த இரவு என்று குழம்பும். வாட்சப்பில் போவதென்றால் வெளியிட்ட தேதியும் மணியும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். போன வார எச்சரிக்கை இந்த வாரம் சுற்றி வந்து மக்களைத் தேவையில்லாமல் ஓடவிட்டால், அடுத்த முறை உண்மையான செய்திக்கும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பாடங்களை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவரும்போது ஒன்றை மாற்றியாக வேண்டும். மலையகத்தில் ‘வெள்ளம்’ என்று தொடங்கினால் ஆபத்து என்று உடனே புரியும். எங்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கம் ‘கொஞ்சம் வெள்ளம் தாங்க’ என்றால் குடிக்கத் தண்ணீர். ‘வெள்ளம் வருது’ என்று ஒலிபெருக்கியில் கேட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறவரும் இருப்பார். இங்கே ‘ஆறு கரை தாண்டுது’ என்றுதான் தொடங்க வேண்டும். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு அதையே இந்தியில் தனியாக எழுத வேண்டும். அதை எழுதுகிறவர் இந்தி பேசி வளர்ந்தவராகவும், கேட்டுச் சரிபார்ப்பவர் அந்தச் சூளையில் வேலை செய்பவராகவும் இருந்தால்தான் வாசகம் தேறும்.