கைப்பேசியின் வாயிற்காவலன்

கைவிளக்காகப் பயன்படும் செயலிக்கு இணையம் எதற்கு? வெளிச்சம் தர அது யாரையும் கேட்க வேண்டியதில்லை. எனினும், விளம்பரம் காட்டும் கைவிளக்குச் செயலி, திறந்தவுடன் விளம்பர நிறுவனத்தின் கணினியைத் தொடர்பு கொள்கிறது.

இதனைத் தடுக்க, ‘நெட்கார்டு’ போன்ற தீச்சுவர்ச் செயலிகள் உள்ளன. 2011-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.0 முதல், பயனர் இசைந்தால் ஒரு செயலி வி.பி.என். அமைக்கலாம். வழக்கமான வி.பி.என். தரவுகளைத் தொலைவிலுள்ள கணினிக்குக் கொண்டுசெல்லும். தீச்சுவர் அமைப்பதோ கைப்பேசிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பிற செயலிகள் அனுப்பும் தரவுப் பொட்டலங்கள் முதலில் அதனிடம் வந்து சேர்கின்றன. அஞ்சல் உறையைப் போல ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் சேருமிட முகவரி இருக்கும். அனுப்பிய செயலியையும் அம்முகவரியையும் பார்த்து, தீச்சுவர் அதனைப் போகவிடும், அல்லது நிறுத்திவிடும். உறைக்குள் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும் செய்தியை அது படிப்பதில்லை.

முகவரியை மட்டும் நம்புவதில் ஓர் இடர் உண்டு. ஒரே முகவரியில் பல தளங்கள் குடியிருக்கலாம். செய்திச் செயலியில் ஒரு விளம்பர முகவரியை அடைத்ததும் செய்திப் படங்களும் மறைந்தால், இரண்டும் ஒரே முகவரியிலிருந்து வருகின்றனவோ என ஐயுற வேண்டும்.

மேலும், ஒரு நேரத்தில் ஒரு வி.பி.என். மட்டுமே இயங்கும். வேறொன்றை இயக்கினால் தீச்சுவர் நின்றுவிடும். திரையின் மேலே சாவிக்குறி அப்போதும் தெரியும். ஆனால் அது புதிய வி.பி.என்.-க்கு உரியது.

வினா: சாவிக்குறி தெரிந்தும் கைவிளக்குச் செயலியில் விளம்பரம் தோன்றுகிறது. காரணம் யாதாக இருக்கலாம்?