‘ஓரிக்க, ஓரிக்க, ஓரிக்க’

“எல்லாத்தையும் சிம்முல காப்பி பண்ணிட்டேன், இனி போன் போனாலும் கவலை இல்ல” என்பதை ஓரிக்கை, உத்திரமேரூர் பக்கத்து செல்போன் கடைகளில் அடிக்கடி கேட்கலாம். பெயர்கள் முழுசாகப் போய்ச் சேர்ந்தனவா என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சிம் கார்டில் பெயர் எழுதும் இடம் கட்டம் கட்டமாக முன்பே வெட்டி வைக்கப்பட்டது. பெரும்பாலான சிம்களில் 250 கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தில் ஒரு பெயர், ஒரு எண், அவ்வளவுதான். போட்டோ, முகவரி எதுவும் ஏறாது. ஒருவருக்கு இரண்டு நம்பர் இருந்தால் பல போன்கள் அவரை இரண்டு ஆளாக்கிவிடும். 250 நிரம்பியதும் காப்பி நின்றுவிடும். மிச்சப் பெயர்கள் போனிலேயே தங்கும்.

“பெயர் எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை” என்பது அடுத்த நம்பிக்கை. பெயருக்கு எத்தனை பைட் என்பதை சிம் தரும் நிறுவனம்தான் முடிவு செய்கிறது. 14 பைட் உள்ள சிம்கள் ஏராளம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், அதனால் 14 எழுத்து ஏறும். தமிழுக்கு வழக்கமான முறையில் எழுத்துக்கு இரண்டு பைட்; ‘இது வேறு மொழி’ என்று குறிக்க முன்னால் ஒரு பைட். ஆக, ஆறே குறிகள். புள்ளியும் ஒவ்வொரு உயிர்க்குறியும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும் என்பதுதான் வில்லங்கம்.

நம்மூர்க்காரர் ஊர்ப்பெயரை முன்னால் போட்டு ‘ஓரிக்கை டிப்போ’, ‘ஓரிக்கை சொசைட்டி’, ‘ஓரிக்கை மெடிக்கல்’ என்று பதிந்திருப்பார். ஓ, ர, இகரக் குறி, க, புள்ளி, க: ஆறு முடிந்தது. ஐகாரக் குறிக்குக்கூட இடமில்லை. சிம்மில் மூன்று ‘ஓரிக்க’ வரிசையாக நிற்கும். பட்டுச் சொசைட்டிக்குப் பேச நினைத்தவர் பஸ் டிப்போவை எழுப்புவார்! தமிழ் எழுத்தைச் சுருக்கிப் பதியும் முறை ஒன்றும் தரநிலையிலேயே உண்டு. அதில் 11 குறிகள் ஏறும். ஆனால் எல்லாப் போனும் அதைப் பயன்படுத்துவதில்லை.

இதற்குத் தீர்வு, ஆளை முன்னாலும் ஊரைப் பின்னாலும் போடுவது. ‘டிப்போ’ சரியாக ஆறு குறி, முழுசாக நிற்கும். முருகேசன் ‘முருகே’ ஆவார், அடையாளம் தெரியும். அறுந்த பெயரை மறுபடி போனுக்கு இழுத்தால் அறுந்தபடியேதான் வரும். அதனால் காப்பி செய்து சரிபார்க்கும்வரை போனில் உள்ளதை அழிக்கக் கூடாது.

“நம்பர் அதேதானே, பெயர்களும் வந்துடும்” என்பது, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம் என்று ஆனபின் பரவிய நினைப்பு. மாறுவது எண்ணின் இணைப்பு மட்டுமே. பெயர்கள் பழைய கார்டின் சிப்புக்குள்ளேயே கிடக்கும். தொலைந்த சிம்முக்குப் பதிலாக வாங்குவதும் காலியாகத்தான் வரும். சிக்னல் நின்றுபோன பழைய சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள். போனில் செருகி ‘சிம்மிலிருந்து இறக்குமதி’ கொடுத்தால் பெயர்கள் வரும், கார்டு பழுதாகாமலும் பின் நம்பர் மறக்காமலும் இருந்தால்.