இரண்டாவது சீட்டில் இருப்பது யார்?

கேள்வி: எனக்கு 28 வயது. மூன்று வருடங்களாக ஒருவரை விரும்புகிறேன். ஆறு மாதத்துக்கு முன் வேலை கிடைத்து அவர் புனேவுக்குப் போனார். அதன் பிறகு பேச்சு குறைந்துவிட்டது. போன் செய்தால் “மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன்” என்கிறார். வீட்டில் எப்போது சொல்வது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். தோழியின் இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து அவர் பக்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். தப்பாக எதுவும் கண்ணில் படவில்லை. போன வாரம் டாரட் சீட்டில் நான்கு எடுத்து வைத்துப் பார்த்தேன். எனக்கு டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ், அவருக்கு செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸ், எங்கள் உறவுக்கு சிக்ஸ் ஆஃப் கப்ஸ், அறிவுரைக்கு எய்ட் ஆஃப் கப்ஸ். சீட்டுக்கட்டோடு வந்த கையேட்டில் செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸுக்கு ‘வஞ்சகம், திருட்டுத்தனம்’ என்று இருக்கிறது. எய்ட் ஆஃப் கப்ஸுக்கு ‘விட்டு விலகுதல்’. பயந்துபோய் மறுநாளும் போட்டேன். அவர் இடத்தில் தி சன் வந்தது! எதை நம்புவது? அவர் என்னை ஏமாற்றுகிறாரா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் ஏமாற்றுகிறாரா என்பது இந்த நான்கு சீட்டிலிருந்து தெரியாது. நீங்கள் படித்த விதத்தில் குறையில்லை. ‘நான், அவர், உறவு, அறிவுரை’ என்ற இந்த அமைப்பால் அதைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். டாரட் படிக்கும் பலர் புதிதாகக் கற்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், நானும் கொடுத்திருக்கிறேன். நினைவில் வைக்க எளிது, மேஜையில் கச்சிதமாக இருக்கும். ஆனால் அதன் நான்கு இடங்களில் இரண்டாவது இடம் தன்னால் தர முடியாத ஒன்றைத் தருவதாகச் சொல்கிறது.

சீட்டைக் கலைத்தது நீங்கள். கேள்வியை மனதில் வைத்திருந்தது நீங்கள். படத்தைப் பார்த்துப் பொருள் சொன்னதும் நீங்கள்தான். அவர் புனேவில் இருக்கிறார். அவருடைய மனது அந்த அட்டையில் வந்து உட்கார வழியே இல்லை. இரண்டாவது சீட்டில் உங்களுக்குத் தெரிவது, அவரைப் பற்றி உங்கள் மனதில் ஏற்கெனவே இருக்கும் படம். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் ‘அவர்’ என்று தலைப்புப் போட்ட இடத்தில் விழுந்ததால், உங்கள் அச்சம் அவரைப் பற்றிய செய்தியாக மாறிவிட்டது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முதல் இரண்டு சீட்டையும் இடம் மாற்றி வையுங்கள். செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸ் உங்கள் இடத்துக்கு வரட்டும், டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ் அவர் இடத்துக்குப் போகட்டும். இப்போது அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு வாளைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பக்கமும் முடிவெடுக்க மாட்டார், எதையும் பார்க்க மாட்டார். கல்யாணப் பேச்சை எடுத்தால் வேறு பேச்சுக்குப் போகிறவருக்கு இது பொருந்தவில்லையா? இனி உங்கள் பக்கம். கூடாரங்களுக்கு நடுவிலிருந்து ஐந்து வாள்களைத் தூக்கிக்கொண்டு ஒருவன் நுனிக்காலில் நழுவுகிறான், திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். தோழியின் கணக்கில் புகுந்து அவருக்குத் தெரியாமல் வேவு பார்ப்பது யார்? கோபித்துக்கொள்ளாதீர்கள். சீட்டு மாறிய பிறகும் கதை ஒட்டுகிறது, சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே ஒட்டுகிறது. இடம் மாற்றிய பிறகும் பொருந்துகிற வாசிப்பு, யார் எப்படிப்பட்டவர் என்பதற்குச் சாட்சியாகாது.

ஏன் இப்படி எல்லாமே பொருந்திப்போகிறது? அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்து 1949-ல் வெளியிட்டார். உங்கள் குணத்தைப் பற்றிய தனி அறிக்கை என்று சொல்லி 39 பேருக்கும் ஒரே குறிப்பைக் கொடுத்தார். அதன் வாக்கியங்கள் கடைகளில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. யாருக்கும் பொருந்திப்போகும் இந்த ஆற்றல் உறவுகளைப் பற்றிய சீட்டுகளுக்கு இன்னும் அதிகம். தயக்கம், மறைத்தல், பழைய நினைவு, விலகல் ஆகியவை எந்தக் காதலில்தான் இல்லை?

கையேடும் உங்களைக் கொஞ்சம் திசைதிருப்பியிருக்கிறது. உங்களிடம் இருப்பது ரைடர் சீட்டுக்கட்டு என்று நினைக்கிறேன். ஆர்தர் எட்வர்ட் வெயிட் யோசனை சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909-ல் லண்டனில் வெளிவந்தது அது. செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸுக்கு வெயிட் தந்த பொருள்களில் முதலில் வருபவை திட்டம், முயற்சி, விருப்பம், நம்பிக்கை. தோற்றுப்போகக் கூடிய திட்டம் என்பதும் உண்டு. திருட்டுத்தனத்தை முதன்மைப்படுத்தியது பின்னால் வந்த கையேடுகள். புதிய ஊரில் காலூன்ற யாரிடமும் சொல்லாமல் ஏதோ திட்டம் போடுகிறார் என்றும் அதே சீட்டைப் படிக்கலாம். இரண்டில் எது சரி என்று சொல்ல அந்த அட்டையில் ஒன்றும் இல்லை.

மறுநாள் தி சன் வந்ததில் வியப்பில்லை. 78 சீட்டிலிருந்து நான்கை வரிசையாக வைக்க சுமார் 3 கோடியே 42 லட்சம் வழிகள் இருக்கின்றன. அதே நான்கு அதே வரிசையில் திரும்ப வந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். இன்னொரு கணக்கும் உண்டு. டெவில், டவர், டெத், மூன், வாள் வரிசையில் மூன்று, ஐந்து, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, கப்ஸிலும் பென்டக்கிள்ஸிலும் ஐந்து: இப்படி மனதைக் கலக்குகிற 12 சீட்டு என்று வைத்துக்கொள்வோம். நான்கு எடுத்தால் அவற்றில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய சரிபாதி. கவலையோடு உட்காருகிறவருக்கு இரண்டில் ஒரு தடவை கவலைப்பட ஏதாவது கிடைத்துவிடும். கிடைத்தால் மறுபடி போடுவார், பிடித்தது வந்ததும் நிறுத்துவார். கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறவர்கள் வேண்டாத நிறம் வந்ததும் குழந்தையை இன்னொரு பொட்டலம் எடுக்கச் சொல்வதில்லை. அந்தக் கட்டுப்பாடு இங்கேயும் வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு முறைதான் சீட்டு. நிலைமையில் உண்மையாகவே ஏதாவது மாறிய பிறகுதான் அடுத்தது. எனவே இரண்டில் எதை நம்புவது என்றால், இரண்டையும் அவரைப் பற்றிய தகவலாக நம்ப வேண்டாம். முதலில் போட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மேலே பேசுவோம்.

மூன்றாவது சீட்டின் பலவீனம் வேறு வகை. ‘உறவு’ என்று தனியாக ஒன்று எங்கே இருக்கிறது? நீங்கள் அவரிடம் நடந்துகொள்வதும் அவர் உங்களிடம் நடந்துகொள்வதும் சேர்ந்ததுதான் அது. அதனால் இந்த இடத்துக்கு எதைப் பற்றிப் பேச வேண்டும் என்றே தெரியாது. நேற்றைய உறவா, இன்றையதா, இனி வரப்போவதா? படிப்பவர் தமக்கு வசதியான காலத்தை எடுத்துக்கொள்வார். உங்களுக்கு வந்த சிக்ஸ் ஆஃப் கப்ஸில் ஒரு பழைய வீட்டு முற்றத்தில் சிறுவன் ஒருவன் பூ நிறைந்த கோப்பையைச் சிறுமியிடம் நீட்டுகிறான். ‘எங்கள் அன்பு குழந்தை மனது போல் தூயது’ என்று படிக்கலாம். ‘பழைய நினைவை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம்’ என்றும் படிக்கலாம். காலத்தை முன்கூட்டியே கட்டிப்போட்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும். ‘இந்த ஆறு மாதத்தில் எங்களுக்குள் நடப்பது’ என்று இடத்துக்குப் பெயர் வைத்திருந்தால், இரண்டாவது வாசிப்புதான் நிற்கும்.

அறிவுரைச் சீட்டில்தான் பலர் வழுக்குகிறார்கள். எய்ட் ஆஃப் கப்ஸில் அடுக்கிய எட்டுக் கோப்பைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோலூன்றி ஒருவர் மலைப்பக்கம் நடக்கிறார். இது ‘போ’ என்ற கட்டளையா, ‘நீ போய்க்கொண்டிருக்கிறாய்’ என்ற வர்ணனையா, ‘போகாதே’ என்ற எச்சரிக்கையா? சீட்டு சொல்லாது. சீட்டை எடுப்பதற்கு முன்பே நாம்தான் விதி வைத்திருக்க வேண்டும். என் விதி இது: அறிவுரைச் சீட்டை முதல் சீட்டில் இருப்பவருக்குச் சொன்னதாக மட்டும் படிப்பேன். அதில் வரும் செயல், கேட்டவர் தன் கையாலேயே செய்து முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். மற்றவர் மாற வேண்டும், மற்றவர் அழைக்க வேண்டும் என்றெல்லாம் அறிவுரை வந்தால் அதை ஒதுக்கிவிடுவேன்.

அப்படிப் பார்த்தால், கண்ணைக் கட்டி உட்கார்ந்திருக்கும் டூ ஆஃப் ஸ்வார்ட்ஸுக்கு எய்ட் ஆஃப் கப்ஸ் என்ன சொல்கிறது? காதலை விட்டுப் போ என்று நான் படிக்க மாட்டேன். மேல் வரிசைக் கோப்பைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். அடுக்கு முழுமையாகவில்லை, ஆனாலும் படத்தில் நடப்பவர் அதையே முறைத்துக்கொண்டு நிற்கவில்லை. நீங்கள் விட்டு நகர வேண்டியது அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தை. கண்கட்டை அவிழ்ப்பது என்றால் அவரிடமே நேராகக் கேட்பது. ‘வீட்டில் சொல்லப் போகிறாயா, எப்போது’ என்று ஒரே கேள்வி, ஒரு தேதியோடு. இதைச் சொல்லச் சீட்டு எதற்கு என்று நீங்கள் கேட்டால், என்னிடம் மறுப்பு இல்லை.

இந்த நான்கு இடங்களிலும் விடுபட்ட பெரிய விஷயம் ஒன்று உண்டு: சூழ்நிலை. புதிய வேலை, வாடகை, அவர் வீட்டில் யார் என்ன சொல்வார்கள் என்ற பயம், இதற்கெல்லாம் இடமே இல்லை. அதனால் நடப்பது எல்லாம் யாரோ ஒருவரின் குணமாகத் தெரியும், வேலைப்பளு வஞ்சகமாகிவிடும். வெயிட் தன் நூலில் சொல்லும் பத்துச் சீட்டு முறையில் எட்டாவது இடம் கேட்பவரின் வீட்டுச் சூழலுக்கு, ஒன்பதாவது அவருடைய நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும். இந்த நான்கு சீட்டு அமைப்பில் இந்த இரண்டும் இல்லை. உறவு விஷயத்தில் இவை இரண்டும் இல்லாமல் சரிப்படாது.

இனி எப்போதாவது போடுவதாக இருந்தால், சீட்டைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். அவர் சொன்னது, செய்தது, தேதி. ஊகம் வேண்டாம். பிறகு இரண்டாவது இடத்துக்கு ‘அவரைப் பற்றி நான் அஞ்சுவது அல்லது எதிர்பார்ப்பது’ என்று பெயர் வையுங்கள், மூன்றாவதுக்குக் காலக்கெடு கொடுங்கள், சூழ்நிலைக்கு ஐந்தாவதாக ஒன்றை எடுங்கள். வாசிப்பில் வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். தாளில் ஆதாரம் இல்லாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் ‘ஏமாற்றுகிறார்’ என்பது முதலில் அடிபடும். ‘கல்யாணப் பேச்சைத் தவிர்க்கிறார்’ என்பது அடிபடாது. அதைத்தான் அவரிடம் கேட்க வேண்டும். அவர் மனதை மட்டும் தனியாகப் பார்த்துச் சொல்கிறேன், அதற்கு இவ்வளவு கட்டணம் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.