வேதாளம் ஏன் மறுபடி மறுபடி முருங்கை மரம் ஏறுது?

போன செமஸ்டர் லீவுல ஒரு ஃபேன்டஸி சிறுகதை எழுதினேன். பாடாலூர் பக்கத்துல ஒரு கல்குவாரி. ஒரு பொண்ணு உள்ளே மாட்டிக்கிறா, மேலே பாறை சரியுது. கடைசி வரியில அவ பாட்டி கொடுத்த தாயத்து ஒளிருது, பாறை அப்படியே அந்தரத்துல நிக்குது. சுபம். எழுதி முடிச்சதும் எனக்கே புல்லரிச்சது.

ரூம்மேட் படிச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "தாயத்து முதல் பக்கத்துலயே அவ கழுத்துல இருக்கே, அப்புறம் எதுக்குடா ஆறு பக்கம் அழுதா?"

பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் இந்தக் கட்டுரை.

ஃபேன்டஸி வாசகர்கள் மாயத்தை ரெண்டா பிரிப்பாங்க. மாயத்துக்கு என்ன முடியும், என்ன முடியாது, என்ன விலைன்னு வாசகருக்கு முன்னாடியே தெரிஞ்சா அது ஹார்ட் மேஜிக். தெரியாம மூடுபனி மாதிரி இருந்தா சாஃப்ட் மேஜிக். பிராண்டன் சாண்டர்சன் 2007-ல் எழுதின ஒரு கட்டுரைக்குப் பிறகு இந்தப் பிரிவு ரொம்பப் பிரபலமாச்சு. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: வாசகருக்கு ஒரு மாயம் எந்த அளவுக்குப் புரிஞ்சிருக்கோ, அந்த அளவுக்குத்தான் அதை வெச்சு நீங்க கதையோட சிக்கலைத் தீர்க்கலாம். அவரோட 'மிஸ்ட்பார்ன்' (2006) நாவல்ல உலோகத்தை விழுங்கினாதான் சக்தி வரும். வயித்துல இருக்கிற உலோகம் தீர்ந்தா சக்தியும் தீர்ந்தது. அதனால ஒவ்வொரு சண்டையிலும் நாமளும் கூடவே கணக்குப் போட்டுட்டே இருப்போம்.

ஆனா ஹார்ட் மேஜிக்கைப் பார்க்க அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. நம்ம வீட்டுப் பரண்ல பழைய அம்புலிமாமா கிடந்தா போதும். விக்கிரமாதித்தன் முருங்கை மரத்துல தொங்குற பிணத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு முனிவர்கிட்ட கொண்டு போகணும். பிணத்துக்குள்ள வேதாளம். வழியில அது ஒரு கதை சொல்லி, கடைசியில ஒரு கேள்வி கேட்கும். ராஜா வாயைத் திறந்தா வேதாளம் திரும்ப மரத்துக்குப் போயிடும். விடை தெரிஞ்சும் பேசாம இருந்தா ராஜாவோட தலை வெடிச்சிடும். நம்ம பாஷையில எழுதினா இவ்வளவுதான்:

```python
def night(knows, speaks):
    if speaks:
        return "back to tree"
    if knows:
        return "head bursts"
    return "walk on"
```

இதை நிதானமா பாருங்க. முதல் ரெண்டு வழியும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. மூணாவது வழி முதல் ராத்திரியில இருந்தே விதிக்குள்ள இருக்கு, ஆனா யாரும் அதைக் கவனிக்கிறதில்லை. ராஜா அதி புத்திசாலி, அவனுக்கு விடை தெரியாமப் போகும்னு நமக்குத் தோணவே தோணாது. புத்திசாலித்தனமே அவனுக்குப் பொறி. ஒவ்வொரு தடவையும் சரியான பதில் சொல்றான், அதனாலேயே தோற்கிறான்.

கடைசிக் கதையில ஒரு அப்பாவும் மகனும், ஒரு அம்மாவையும் மகளையும் கல்யாணம் பண்றாங்க. ஆனா ஜோடி மாறிப்போச்சு: அப்பாவுக்கு மகள், மகனுக்கு அம்மா. அவங்களுக்குப் பிறக்கிற குழந்தைகள் ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை? (நம்ம ஊர் கல்யாண வீட்டுல முறை கண்டுபிடிக்கிற பெரியவங்களுக்கே தலை சுத்தும்.) ராஜாவுக்கு விடை தெரியல. நிஜமாவே தெரியல. அதனால பேசாம நடக்கிறான், தலையும் வெடிக்கல. மூணாவது வரி ஓடுது. வேதாளம் மனசு மாறி, அந்த முனிவன் அவனைப் பலி கொடுக்கத் திட்டம் போட்டிருக்கான்னு சொல்லி, தப்பிக்கிற வழியையும் சொல்லுது.

புது சக்தி எதுவும் வானத்துல இருந்து குதிக்கல. பழைய விதியே வேற பக்கமா திரும்பிக் காப்பாத்துது. "அட, இது நமக்குத் தோணலையே"ன்னு இருக்கும். ஹார்ட் மேஜிக் கொடுக்கிற டென்ஷன் இந்த மாதிரிதான்: கதவு எல்லாம் எங்கே இருக்குன்னு நமக்குத் தெரியும், எது திறக்கும்னுதான் தெரியாது.

இதுக்கு ஒரு குறையும் உண்டு. அம்புலிமாமாவுல இந்தத் தொடர் பல வருஷம் ஓடிச்சு. ராஜா பதில் சொல்வான், வேதாளம் மரம் ஏறும்னு வாசகருக்கு மனப்பாடம். ராஜா உயிருக்கு யாரும் பயப்படல. டென்ஷன் எல்லாம் உள்கதையோட புதிருக்கு மாறிடுச்சு. விதி தெரியறது மட்டும் போதாது, அது ஒரு நாள் உடையலாம்ங்கிற பயமும் வேணும்.

இப்ப மறுபக்கம். பாடாலூர்ல இருந்து பெரம்பலூர் பஸ்ல போனா வழியில சிறுவாச்சூர் வரும். அங்கே இருக்கிற மதுரகாளியம்மன், மதுரையை எரிச்ச பிறகும் கோபம் தணியாம இங்க வந்த கண்ணகிதான்னு சொல்வாங்க. அந்தக் கண்ணகியோட மாயத்துக்கு என்ன விதி? எத்தனை அடி தூரம் எரியும்? எத்தனை தடவை செய்யலாம்? சிலப்பதிகாரம் சொல்றதில்லை. பக்கா சாஃப்ட் மேஜிக். அப்படின்னா ரூம்மேட் கேள்வியை இங்கேயும் கேட்கலாமே: இவ்வளவு சக்தி இருக்கிறவ முன்னாடியே ஏன் எரிக்கல?

கேட்கத் தோணாது. ஏன்னா வழக்கைத் தீர்த்தது நெருப்பு இல்லை, சிலம்பு. பாண்டிமாதேவி சிலம்புக்குள்ள முத்து, கண்ணகி சிலம்புக்குள்ள மாணிக்கம். உடைச்சுக் காட்டுறா, அவ்வளவுதான் கேஸ். அரசன் அந்த இடத்துலயே உயிரை விடறான். சாதாரண மனுஷி ஒருத்தி ஆதாரத்தை வெச்சு ஜெயிச்ச வழக்கு அது. நெருப்பு அதுக்கு அப்புறம்தான் வருது. அது எந்தச் சிக்கலையும் தீர்க்கல, கோவலனைத் திருப்பித் தரல. ஒரு ஊரே எரியுது, நாம பிரமிச்சு நிக்கிறோம்.

இளங்கோவடிகள் இன்னொரு வேலையும் செய்றார். நெருப்புக்குச் சற்று முன்னாடி, புகார்ல பிறந்த ஏழு பத்தினிகளைக் கண்ணகி வாயாலேயே வரிசையா சொல்ல வைக்கிறார். ஒருத்தி கணவன் திரும்பி வர்ற வரைக்கும் கல்லா நின்னவ, ஒருத்தி தன் முகத்தைக் குரங்கு முகமா மாத்திக்கிட்டவ. விதியைச் சொல்லல, ஆனா "இப்படிப்பட்ட உலகம் இது"ன்னு நம்மளைத் தயார் பண்ணிடறார். சாஃப்ட் மேஜிக்ல எதையும் விளக்கத் தேவையில்லை, ஆனா திடீர்னும் வரக்கூடாது.

இப்ப என் தாயத்துக்கு வருவோம். எந்த விதியும் சொல்லாம வெச்சிருந்தேன், அதனால அது சாஃப்ட். ஆனா பாறையை நிறுத்துற வேலையை, அதாவது கதையோட முக்கியச் சிக்கலைத் தீர்க்கிற வேலையை, அதுக்கே கொடுத்துட்டேன். அங்கேதான் உடைஞ்சது. உங்க கதையில இது நடக்குதான்னு பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கு. கடைசிப் பக்கத்தைக் கிழிச்சுட்டு நண்பர்கிட்ட கொடுங்க. "அவ இதைச் செய்யலாம், ஆனா அப்படிச் செஞ்சா இது போயிடுமே"ன்னு பதறினா உங்க விதி வேலை செய்யுது. "ஏதாவது நடந்து தப்பிச்சிடுவா"ன்னு சொன்னா, ஒண்ணு விதியை முன்னாடியே எழுதணும், இல்லைன்னா அவளை மாயம் இல்லாம வெளியே கொண்டு வரணும்.

நான் முதல் வழியை எடுத்தேன். தாயத்து எதையாவது தூக்கினா, அவளுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் முழுசா மறந்து போயிடுவாங்க. யாருன்னு தாயத்துதான் முடிவு பண்ணும். ரெண்டாம் பக்கத்துல கிணத்துல விழுந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கறா, மறுநாள் ஸ்கூல்ல ஒரு டீச்சரைப் பார்த்து "நீங்க யாரு?"ன்னு கேட்கறா. நாலாம் பக்கத்துல இன்னொரு தடவை, இப்ப பக்கத்து வீட்டு அக்கா காணோம். ஆறாம் பக்கத்துல பாறை சரியுது, குவாரி விளிம்புல அம்மா நின்னு அவ பேரைச் சொல்லிக் கத்தறாங்க.

அதுவரைக்கும் படிச்ச ரூம்மேட் இந்தத் தடவை பக்கத்தைத் திருப்பல. "டேய், தூக்க வேணாம்னு சொல்லுடா"ன்னான்.